ஒரு மெயில், மூன்று மொழி, கையகலத் திரை

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் மெர்ச்சண்டைசர் மாலையில் அனுப்பும் ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். அதை மூன்று பேர் படிக்கப் போகிறார்கள். வெட்டிய துணியில் முன்பக்கப் படம் அச்சிட்டுக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டின் உரிமையாளர் தமிழிலேயே படிப்பார். அங்கே இரவு ஷிஃப்ட் பார்க்கும் சூப்பர்வைசர் பீகாரிலிருந்து வந்தவர். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தி இந்தியில் படிப்பார். பையர் சார்பில் தரம் பார்க்கும் ஏஜென்ட் பெங்களூரில் இருக்கிறார். அவர் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வார். மூவர் கையிலும் இருப்பது போன். எழுதியவர் மட்டுமே அந்த மெயிலைக் கணினியின் அகலமான திரையில் பார்த்திருக்கிறார்.

மெயில் இப்படி இருக்கிறது:

அந்த டி-ஷர்ட் ஆர்டர் விஷயமாக,
• ஸ்ட்ரைக் ஆஃப் ஓகே ஆகாத கலர்
• சரியாகக் காயாத பிரிண்ட்
• கறை பட்ட பீஸ்
ஆகியவற்றைத் தையலுக்கு அனுப்பக் கூடாது. சிவப்பில் உள்ளதை இன்றே முடிக்கவும். முடிந்ததும் சொன்னால் வந்து பார்த்துக்கொள்வார். 4/3-க்குள் கட்டாயம் வேண்டும்.

ஸ்ட்ரைக் ஆஃப் என்பது முழு ஆர்டரையும் அச்சிடும் முன் ஒப்புதலுக்காக அடித்துக் காட்டும் மாதிரி. தமிழ் தெரிந்தவர் கணினியில் படித்தால் இந்த மெயிலில் பெரிய குறை எதுவும் தென்படாது. தினமும் ஆயிரம் அலுவலகங்களிலிருந்து இப்படித்தான் மெயில் போகிறது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வடிவமைப்பும், அதாவது புள்ளியும் சிவப்பும் தடித்த எழுத்தும், வழியில் உதிர்ந்துபோகக்கூடியவை. உதிரும்போது கட்டளையின் ஒரு பகுதியையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும்.

மொழிபெயர்ப்பு இப்போது எல்லோர் கைக்கும் எட்டிவிட்டதால்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-இல் சேர்ந்தது. 2017-இல் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறிய பிறகு வாக்கியங்கள் ஓரளவு வாக்கியங்களாக வரத் தொடங்கின. 2023-இல் ஜிமெயிலின் போன் செயலிக்குள்ளேயே மொழிபெயர்ப்பு வந்தது. மெயில் எழுதுபவர் தன் எழுத்து எந்த மொழியில் படிக்கப்படும் என்பதை இனி முடிவு செய்ய முடியாது. எந்த மொழியில் போனாலும் உடையாதபடி எழுத முடியும்.

புள்ளி என்று நாம் நினைப்பது

எழுத்தை அலங்கரித்து அனுப்பினால், பெரும்பாலான மெயில் செயலிகள் ஒரே உறைக்குள் இரண்டு பிரதிகளை வைத்து அனுப்புகின்றன. ஒன்று அலங்காரமுள்ள எச்.டி.எம்.எல். பிரதி. மற்றது வெறும் எழுத்துப் பிரதி. 1992-இல் வகுக்கப்பட்டு 1996-இல் திருத்தி வெளியிடப்பட்ட மைம் விதிகளிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது. படிக்கும் கருவி தன்னால் முடிந்த பிரதியைக் காட்டும். வெறும் எழுத்துப் பிரதியில் தடிப்பு இல்லை, நிறம் இல்லை, எழுத்தின் அளவு இல்லை. ஜிமெயில் கொஞ்சம் கருணையோடு தடித்த சொல்லின் இரு பக்கமும் உடுக்குறி போடும். பட்டியலின் புள்ளிக்குப் பதில் சிறு கோடு போடும்:

```
*கெடு: மார்ச் 4, புதன், மாலை 5 மணி.*

   - கலர்: ஓகே ஆன கலரை மட்டும் அனுப்புங்கள்.
   - கறை: கறை பட்ட துணியைத் தனியாக வையுங்கள்.
```

சிவப்பு நிறத்துக்கு இந்தச் சலுகைகூடக் கிடையாது. அது தடமே இல்லாமல் போய்விடும். ‘சிவப்பில் உள்ளதை இன்றே முடிக்கவும்’ என்று எழுதிய மெயில் அந்தப் பிரதியில் பொருளற்றதாகிவிடுகிறது. மெயிலின் எழுத்தை மட்டும் நகலெடுத்து மொழிபெயர்ப்புப் பெட்டியில் ஒட்டினாலும், வாட்ஸ்அப்பில் ஒட்டினாலும் இதுவே நடக்கும். இரவில் கறுப்புத் திரைக்கு மாற்றி வைத்திருக்கும் போனில், செயலி நிறங்களையே வேறாக்கிக் காட்டும் வாய்ப்பும் உண்டு. நிறத்தையோ தடிப்பையோ சுட்டிக்காட்டி ஒரு கட்டளை எழுதினால், அந்தக் கட்டளை வடிவமைப்பைக் காலாக வைத்து நிற்கிறது. அப்படி எழுதவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வடிவமைப்பு கண்ணுக்கு உதவி செய்யட்டும். பொருள் சொல்லில் இருக்கட்டும்.

புள்ளியைப் போடுவதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பட்டியல் பொத்தானை அழுத்துவது. கணினி ஜிமெயிலில் Ctrl+Shift+8 அழுத்தினால் புள்ளிப் பட்டியல் வரும். Ctrl+Shift+7 எண் பட்டியல் தரும். இப்படிச் செய்தால், இவை ஒரே பட்டியலின் தனித்தனி உருப்படிகள் என்ற செய்தி மெயிலுக்குள்ளேயே பதிவாகிவிடும்:

```
<ul>
<li>முதல் உருப்படி.</li>
<li>இரண்டாம் உருப்படி.</li>
</ul>
```

இன்னொன்று, வேறெங்கிருந்தோ ஒரு புள்ளியை எடுத்துவந்து வரியின் தலையில் ஒட்டுவது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒட்டிய புள்ளி மற்ற எழுத்துகளைப் போல இன்னோர் எழுத்து மட்டுமே. வேறுபாட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. போனில் திறந்து, ஓர் உருப்படி இரண்டாவது வரிக்கு மடங்கும் இடத்தைப் பாருங்கள். உண்மையான பட்டியலில் இரண்டாம் வரி எழுத்துக்கு நேராகத் தொடங்கும். ஒட்டிய பட்டியலில் புள்ளிக்கு நேர் கீழே வந்து விழும். நான்கு உருப்படிகள் சேர்ந்தால் எது எங்கே தொடங்குகிறது என்றே கண்ணுக்குப் பிடிபடாது.

வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இன்னும் விசித்திரமானவை நேரும். வேர்டில் நாம் தேர்ந்தெடுக்கும் சதுரப் புள்ளி பல நேரம் விங்டிங்ஸ் என்ற எழுத்துருவில் உள்ள ஒரு குறி. உள்ளே இருப்பது § என்ற எழுத்து. விங்டிங்ஸ் அதைச் சதுரமாக வரைந்து காட்டுகிறது. அம்புக்குறியாகத் தெரிவது Ø. சரி என்று போடும் டிக் குறி ü. அந்த எழுத்துரு போனில் இல்லாவிட்டால் வேஷம் கலைந்து, உள்ளே இருந்த எழுத்து வெளியே தெரியும். அவுட்லுக்கிலிருந்து வரும் மெயில்களில் வாக்கியத்தின் முடிவில் காரணமே இல்லாமல் ஒரு J நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அனுப்பியவர் போட்ட சிரிப்பு முகம்தான் அது. இதே நோய் தமிழில் இன்னும் ஆழமாக உண்டு. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல்லின் உள்ளே இருப்பது jkpo; என்ற ஆங்கில எழுத்துகள். அதை மெயிலில் ஒட்டி அனுப்பினால் போனில் அப்படியேதான் தெரியும். மொழிபெயர்ப்பான் அதை எந்த மொழி என்று எடுத்துக்கொள்ளும்? யூனிகோடுக்கு மாற்றாத பாமினியை மெயிலின் உடலில் வைக்கவே கூடாது.

வேர்டிலிருந்து எடுத்து ஒட்டியே ஆக வேண்டும் என்றால் Ctrl+Shift+V அழுத்தி வெறும் எழுத்தாக ஒட்டிவிட்டு, ஒட்டிய இடத்திலேயே பட்டியல் பொத்தானை அழுத்துவது நல்லது. போனிலேயே மெயில் எழுதுகிறவருக்குப் பட்டியல் பொத்தான் கைக்கு அகப்படவில்லை என்றால், வரியின் தலையில் ஒரு சிறு கோடும் இடைவெளியும் விட்டு எழுதி, ஒவ்வோர் உருப்படிக்கும் நடுவில் ஒரு வெற்று வரி விட்டால் போதும். வெறும் எழுத்துப் பிரதியிலும் அது அப்படியே நிற்கும். கோட்டுக்குப் பின் நேராக எண் வரக் கூடாது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ‘- 200 மீட்டர்’ என்பதைக் கழித்தல் குறியாக எடுத்துக்கொள்ள முடியும். எண்ணிட்ட பட்டியலிலும் இதே ஆபத்து இருக்கிறது: ‘1. 200’ என்ற வரியில் இடைவெளி விழுந்துவிட்டால் அது 1.200 ஆகும். ஜெர்மனியில் உள்ள பையருக்கு அது ஆயிரத்து இருநூறு. உருப்படியை ஒரு சொல்லில் தொடங்கினால் இரண்டு சிக்கலும் தீர்ந்தது.

வினைச்சொல் எங்கே நிற்கிறது

மொழிபெயர்ப்பான் மெயிலை முழுதாகப் படித்து, யோசித்து, பிறகு எழுதுவதில்லை. எழுத்தைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு வேலை செய்கிறது. முற்றுப்புள்ளியிலும் வரி முடிவிலும் பட்டியல் உருப்படியின் முடிவிலும் வெட்டு விழும். ஒரு துண்டில் இல்லாத செய்தியை அடுத்த துண்டிலிருந்து எடுத்து நிரப்பும் என்று நம்பி எழுத முடியாது.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு தனிச் சங்கடத்தைத் தருகிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆகவே பட்டியல் எழுதும்போது பொருள்களை முதலில் அடுக்கிவிட்டு, ‘ஆகியவற்றை அனுப்பக் கூடாது’ என்று பட்டியலுக்கு வெளியே, அதன் அடியில் முடிக்கிறோம். தமிழ்க் காதுக்கு அது இயல்பு. துண்டாக வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மெயிலின் மூன்று புள்ளிகளும் மூன்று பெயர்களாக மட்டுமே நிற்கின்றன: ஒரு கலர், ஒரு பிரிண்ட், ஒரு பீஸ். அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பது நான்காவது துண்டில் இருக்கிறது. அந்த நான்காவது துண்டில், எவற்றை என்பது இல்லை. இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு இந்தியில் கிடைப்பது மூன்று பெயர்ப் புள்ளிகளும், எங்கோ கீழே ஒட்டாமல் நிற்கும் ஒரு தடையும். போன் திரையில் அந்தத் தடை அடுத்த திருப்பலுக்குப் போயிருக்கலாம். அவர் புள்ளிகளை மட்டும் நகலெடுத்துத் தன் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அனுப்பக் கூடாதவற்றின் பட்டியல் வெறும் பட்டியலாகிவிடும். பார்ப்பவர் அதை அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

‘கீழ்க்கண்டவற்றை அனுப்பக் கூடாது’ என்று தடையைத் தலைக்கு ஏற்றினால் பாதி சரியாகும். பட்டியல் நீளும்போது ஆறாவது புள்ளி அந்தத் தலைவரியிலிருந்து வெகுதூரம் போய்விடும் என்ற சிக்கல் அப்போதும் இருக்கும். முழுத் தீர்வு ஒன்றுதான்: ஒவ்வொரு புள்ளியும் தன் வினைச்சொல்லைத் தானே சுமக்க வேண்டும். ஒரே வினையைத் திரும்பத் திரும்ப எழுதுவது நமக்குப் பள்ளியில் கற்றுத்தந்த நடைக்கு விரோதமாகத் தோன்றும். கட்டளை மெயிலில் அந்தத் திருப்பம்தான் காவல்.

இன்னொன்று, எழுவாய். தமிழில் ‘முடிந்ததும் சொன்னால் வந்து பார்த்துக்கொள்வார்’ என்று யாரையும் குறிப்பிடாமல் எழுதிவிடலாம்; அங்கே வேலை செய்பவர்களுக்கு யாரென்று தெரியும். ஆங்கிலத்துக்கு மாறும்போது அங்கே ஓர் ஆளை நிறுத்தியாக வேண்டும். துண்டுக்குள் ஆள் இல்லாததால் கருவி ஊகிக்கும்: அவன், அவள், நான், நீங்கள் எதுவாகவும் வரலாம். பத்தியாக எழுதினால் முந்தைய வாக்கியம் கொஞ்சம் துணை வரும். புள்ளிகளாக உடைத்தபின் அந்தத் துணையும் போய்விடும். ஆகவே பட்டியலுக்குள் யார் செய்ய வேண்டும் என்பதை எழுதியே தீர வேண்டும்.

ஒவ்வொரு புள்ளியின் முடிவிலும் முற்றுப்புள்ளி வேண்டும். சிறு பட்டியலில் அது தேவையில்லை என்று அச்சுத்துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. தாளுக்கு அது சரி. போனில் மெயில் வந்த அறிவிப்பிலும், இன்பாக்ஸில் தலைப்புக்குக் கீழே தெரியும் முன்னோட்ட வரியிலும், பட்டியலின் வரிகள் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். முற்றுப்புள்ளி இல்லாவிட்டால் ‘ஓகே ஆகாத கலர் சரியாகக் காயாத பிரிண்ட் கறை பட்ட பீஸ்’ என்று ஒரே தொடராகிவிடும். நகலெடுத்து ஒட்டும்போது வரி முறிவு காணாமல் போனால் மொழிபெயர்ப்பானுக்கும் அது ஒரே வாக்கியம்தான்.

இதற்கு நேர்மாறான குற்றம், வாக்கியத்தின் நடுவில் என்டர் அழுத்துவது. கணினித் திரையில் வரி அழகாக முடியட்டும் என்று ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் என்டர் தட்டும் பழக்கம் தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து வந்தது. போனில் அந்த வரி பாதியில் மடங்கி, இரண்டு சொல் கீழே தொங்கி, அப்புறம் புது வரி தொடங்கும். நீளமும் குட்டையுமாகப் பல்லிழந்தது போலத் தெரியும். அந்த இடத்தில் மொழிபெயர்ப்பானும் வாக்கியத்தை வெட்டிவிடும். ஜிமெயிலில் வெறும் எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் செயலியே நீண்ட வரிகளை இப்படி முறித்து அனுப்புகிறது என்பதால், அந்த முறையை அணைத்தே வைத்திருக்கலாம். புள்ளிப் பட்டியலும் தடிப்பும் வேண்டுமானால் எப்படியும் அணைக்கத்தான் வேண்டும்.

தடித்த எழுத்தை எங்கே வைப்பது

‘4/3-க்குள் கட்டாயம் வேண்டும்’ என்ற வாக்கியத்தில் எழுதியவர் தடித்துக் காட்டியது அழுத்தத்தை. படிப்பவருக்குத் தேவையானது தேதி. தேதியோ மெலிந்து நிற்கிறது. அதிலும் மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்ற குழப்பத்தோடு. அமெரிக்க வழக்கில் பழகியவர் ஏப்ரல் என்றே படிப்பார். மாதத்தைச் சொல்லால் எழுதி, கிழமையையும் சேர்த்தால், மொழிபெயர்ப்பில் ஒன்று பிசகினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

வாக்கியத்தின் நடுவில் ஒரு சொல்லை மட்டும் தடித்தால், மொழி மாறும்போது அந்தத் தடிப்பு எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. சொற்களின் வரிசை மாறுகிறது. கருவி தடிப்பைப் பொருத்தமான சொல்லின் மேல் மறுபடி வைக்க முயல்கிறது. சில நேரம் பக்கத்துச் சொல்லின் மேல் வைத்துவிடுகிறது. தமிழில் இது இரட்டிப்பாகிறது, ஏனென்றால் நம் உருபுகள் சொல்லோடு ஒட்டியே வரும். ‘தையலுக்கு’ என்பதில் ‘தையல்’ வரை தடித்து, உருபை மெலிதாக விட்டால், சொல்லின் நடுவிலேயே ஓர் எல்லைக்குறி நுழைந்துவிடுகிறது. அந்தச் சொல் இரண்டாக உடைந்து மொழிபெயர்க்கப்படும் அபாயம் அதனால் வருகிறது. எதிர்மறையில் இது ஆகக் கடினம். ‘அனுப்பாதீர்கள்’ என்பதில் வேண்டாம் என்ற பொருள் வினைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் அது வினைக்கு முன் ஒரு தனிச் சொல்லாகப் பிரிந்து நிற்கும். நாம் வைத்த தடிப்பு அந்தத் தனிச் சொல்லைச் சேருமா, வினையை மட்டும் சேருமா? வினையை மட்டும் சேர்ந்தால், ‘அனுப்பு’ என்பது தடித்தும் ‘வேண்டாம்’ என்பது மெலிந்தும் தெரியும். அவசரமாகப் பார்க்கிற கண் தடித்ததைத்தான் பிடிக்கும்.

ஆகவே தடிப்பு பாதுகாப்பாக இருக்கும் இடங்கள் இரண்டே. ஒன்று, முழு வாக்கியம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை தடித்தால், உள்ளே சொற்கள் எப்படி இடம் மாறினாலும் எல்லை மாறாது. மற்றது, வரியின் தலையில் முக்காற்புள்ளியோடு நிற்கும் ஒற்றைச் சொல்: கெடு, கலர், கறை என்பது போல. அது வாக்கியத்தின் இலக்கணத்தில் சேராததால் இடம் மாறாது. இந்தத் தலைச்சொல்லுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. யூனிட் உரிமையாளர் பதில் எழுதும்போது ‘மூன்றாவது பாயின்ட்’ என்று சொல்லாமல் ‘கறை பற்றி’ என்று எழுதலாம். பட்டியல் பொத்தான் போடும் எண்கள் செயலி வரைந்து காட்டுபவை. நகலெடுக்கும்போது சில இடங்களில் கூட வராது. தலைச்சொல் எழுத்திலேயே இருப்பதால் எங்கும் கூட வரும்.

தமிழ் எழுத்தின் வடிவமும் இதில் சேர்கிறது. எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக வரையப்பட்டிருந்தால் சிக்கல் இல்லை. ஆண்ட்ராய்டு போன்களில் வரும் நோட்டோ தமிழ் எழுத்துருவில் அது இருக்கிறது. தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவாக இருந்தால், செயலி இருக்கும் கோட்டையே பக்கவாட்டில் கனமாக்கி ஒப்பேற்றும். சிறு திரையில் அப்போது ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழி அடைபட்டுக் கறுப்பாகத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தோடு ஒட்டும். ஒரு பத்தியையே தடித்து அனுப்பினால் அது வலியுறுத்தல் ஆகாது, படிக்க முடியாத பத்தியாகவே ஆகும். போன் திரையின் ஒரு திருப்பலில் ஒரு முழு வாக்கியம் தடித்திருந்தால் போதும் என்பேன். சாய்வெழுத்து தமிழுக்கு உரியதே அல்ல, அதை விட்டுவிடலாம்.

இணையத்தில் கிடைக்கும் ‘ஸ்டைல்’ எழுத்து மாற்றிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் சொல்லை அதில் இட்டால் தடித்த வடிவில் திருப்பித் தரும். அவை தடித்த எழுத்துகள் அல்ல. கணிதச் சமன்பாடுகளுக்காக யூனிகோடில் ஒதுக்கப்பட்ட வேறு குறிகள். மொழிபெயர்ப்பானும், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அவற்றைச் சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் தடுமாறும். மெயிலில் தேடினாலும் அந்தச் சொல் சிக்காமல் போகலாம்.

அகலம் குறைந்த இடத்தில்

பரவலாக விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் பக்கத்தின் அகலம் ஏறக்குறைய 360 பிக்சல் என்று கணக்கிடப்படுகிறது. பட்டியலுக்கு இடது ஓரத்தில் உலாவிகள் வழக்கமாக விடும் இடம் 40 பிக்சல். புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொன்று என்று மூன்று அடுக்கு வைத்தால் 120 பிக்சல், அதாவது திரையின் மூன்றில் ஒரு பங்கு, வெற்றிடமாகப் போய்விடும். மிஞ்சிய இடத்தில் நம் நீண்ட சொற்கள் வரிக்கு ஒன்றோ இரண்டோதான் அமரும். ‘சரிபார்க்கப்பட்டுவிட்டதென்றால்’ என்று ஒட்டி எழுதிய சொல் தன்னந்தனியாக ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளும். உள்ளடுக்கு வேண்டாம், ஓர் அடுக்குக்குள் சொல்ல முடியாததற்கு இரண்டு பட்டியல் எழுதலாம். எக்செல்லிலிருந்து ஒட்டும் அகல அட்டவணையும் இதே கதைதான்: ஒன்று பக்கவாட்டில் தள்ளிப் படிக்க வேண்டும், அல்லது செயலி முழுவதையும் சுருக்கி எறும்பு அளவில் காட்டும்.

இவ்வளவையும் வைத்து அந்த மெயிலைத் திரும்ப எழுதினால் இப்படி வருகிறது. தலைப்பில் ‘ஆர்டர் விஷயமாக’ என்பதற்குப் பதில்: ‘நேவி டி-ஷர்ட் பிரிண்ட், மார்ச் 4’. முக்கியமான சொற்கள் முதலில் இருப்பதால் போனில் தலைப்பு பாதியில் வெட்டுப்பட்டாலும் பாதகமில்லை. உடலில்:

வணக்கம் அண்ணா. நேவி டி-ஷர்ட் முன்பக்க பிரிண்ட், மொத்தம் 1200 துணிகள் பற்றிய மெயில் இது.

கெடு: மார்ச் 4, புதன், மாலை 5 மணிக்குள் நீங்கள் 1200 துணிகளையும் எங்கள் தையல் யூனிட்டுக்கு அனுப்புங்கள்.

• கலர்: strike-off ஒப்புதல் பெற்ற கலரை மட்டும் நீங்கள் தையலுக்கு அனுப்புங்கள்.
• ஈரம்: பிரிண்ட் முழுதாகக் காய்ந்த துணியை மட்டும் நீங்கள் தையலுக்கு அனுப்புங்கள்.
• கறை: கறை பட்ட துணியை நீங்கள் தனியாக எடுத்து வையுங்கள்.
• தகவல்: வேலை முடிந்ததும் நீங்கள் எங்கள் செக்கிங் சூப்பர்வைசருக்குப் போன் செய்யுங்கள். அவர் வந்து துணியைப் பார்ப்பார்.

பழைய மெயிலில் இருந்த ‘ஓகே ஆகாத… அனுப்பக் கூடாது’ என்ற இரட்டை எதிர்மறை இதில் இல்லை. இரண்டு எதிர்மறை ஒரே வாக்கியத்தில் வந்தால் கருவி ஒன்றைத் தவறவிட்டாலும் கட்டளை தலைகீழாகிவிடும். ‘மட்டும் அனுப்புங்கள்’ என்பதில் தவற விட அப்படி எதுவும் இல்லை. ஸ்ட்ரைக் ஆஃப் என்ற தொழிற்சொல்லை ஆங்கில எழுத்தில் விட்டதற்கும் காரணம் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் கருவி அதை மொழிபெயர்க்கப் பார்த்து ‘வேலைநிறுத்தம்’ என்ற பக்கம் போகக்கூடும். ஆங்கில எழுத்தில் இருப்பதை இந்திக்கு மாற்றும்போது பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். மூன்று வாசகர்களுக்கும் அந்தச் சொல் தெரிந்ததே. ஆங்கிலத்துக்கு மாறும்போதோ அதை மாற்றவே வேண்டியதில்லை. பீஸ் என்பதைத் துணி என்று மாற்றியதும் இதே கணக்கில்தான். பள்ளிக்குக் கட்டும் பீஸையும் நாம் அதே எழுத்தில்தான் எழுதுகிறோம்.

அனுப்பும் முன் சோதித்துப் பார்க்கப் பெரிய வேலை இல்லை. மெயிலை முதலில் தனக்கே அனுப்பி, போனில் திறந்து, இரண்டாம் வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று பார்க்க வேண்டும். பிறகு முழுவதையும் நகலெடுத்து மொழிபெயர்ப்பில் ஒட்டி இந்திக்கு மாற்றி, அந்த இந்தியை மறுபடி தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிப் போய் வந்த தமிழ் அழகாக இருக்காது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். பார்க்க வேண்டியவை நான்கு: தேதியும் எண்ணிக்கையும் அப்படியே இருக்கின்றனவா, செய் என்பதும் செய்யாதே என்பதும் இடம் மாறாமல் இருக்கின்றனவா, யார் செய்ய வேண்டும் என்பது மாறவில்லையா, ஒவ்வொரு தலைச்சொல்லும் தன் வரியோடு வந்திருக்கிறதா. எங்காவது பிசகியிருந்தால் அந்த வரியை உடைத்து இரண்டு சின்ன வாக்கியமாக்கினால் அநேகமாகச் சரியாகும். போகும்போது பிசகியது வரும்போது தற்செயலாக நேராகிவிடுவதும் உண்டு என்பதால், இந்தி தெரிந்த ஒருவர் அருகில் இருந்தால் நடுவில் வந்ததை ஒருமுறை அவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இதெல்லாம் மெயிலின் உடலுக்குள் உள்ள எழுத்துக்குத்தான் பொருந்தும். மெயில் செயலியின் மொழிபெயர்ப்புப் பொத்தான், இணைத்து அனுப்பிய பி.டி.எஃப்.பையோ, எக்செல்லைப் படம் பிடித்து ஒட்டிய ஸ்கிரீன்ஷாட்டையோ தொடாது. அளவுப் பட்டியல் போன்ற பெரிய அட்டவணைகளை இணைப்பாக அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. நேற்று அனுப்பிய பட்டியலிலிருந்து இன்று மார்பளவு ஒரு சென்டிமீட்டர் மாறியிருந்தால், அந்த ஒரு மாற்றத்தை முழு வாக்கியமாக, தலைச்சொல்லோடு, மெயிலின் உடலிலேயே எழுதிவிட வேண்டும்.